வல்னரபிலிட்டி: பாதிப்பு அல்ல, ஓட்டை

செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாக மூட்டை கட்டிய கன்டெய்னர் இமேஜ்களை ஸ்கேன் செய்வது பற்றித் தமிழில் எது வந்தாலும், தாக்குபவர் நுழைய இடம்தரும் குறையான வல்னரபிலிட்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு 'பாதிப்பு' என்று போட்டுவிடுகிறார்கள். அண்மையில் ஒரு குழுவின் விதிமுறைக் குறிப்பில் இந்த வரியைப் படித்தேன்: "இமேஜில் தீவிரப் பாதிப்பு இருந்தால் வெளியீட்டை நிறுத்தவும், பாதிப்பு இல்லை என உறுதியானால் தொடரவும்." முதல் பாதிப்பு ஒன்று, இரண்டாம் பாதிப்பு வேறொன்று. எழுதியவருக்கு அது தெரிந்திருக்கலாம். படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'வுல்னுஸ்' என்றால் காயம். அதிலிருந்து வந்த வல்னரபிள் என்பது காயப்படக்கூடியது, காயம்பட்டது அல்ல. அந்தக் 'கூடிய'தான் சொல்லின் உயிர். நம் 'பாதிப்பு' வடமொழி 'பாத்' என்னும் வேரிலிருந்து வந்தது, துன்புறுத்துவது, வருத்துவது. புயல் பாதிப்பு, வெள்ளப் பாதிப்பு என்கிறோமே, எல்லாம் நடந்து முடிந்தவை. புயல் வருவதற்கு முன் யாரும் புயல் பாதிப்பைக் கணக்கெடுப்பதில்லை. வேரை எடுத்துக்கொண்டு விகுதியை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

தூய தமிழ் அன்பர்கள் 'ஊறுபாடு' என்பார்கள். வேர் நம்முடையது என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஊறு விளைந்தது என்றால் அதுவும் நடந்து முடிந்ததே. வடமொழியைத் துரத்தினோமே தவிர, பிழையைத் துரத்தவில்லை. 'பலவீனம்' என்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு இந்தத் துறையில் வேறு வேலை இருக்கிறது. CWE என்ற பட்டியல் நிரல்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளின் வகைகளைத் தொகுக்கிறது. எண் பெருகி வழிவது ஒரு வகை, உள்ளீட்டைச் சரிபார்க்காமல் விடுவது இன்னொரு வகை. அந்த வகைக்குத்தான் பலவீனம் பொருந்தும். CVE பட்டியலில் எண்ணோடு வருவது, குறிப்பிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்புகளில் உள்ள குறிப்பிட்ட ஒன்று. 'பாதிக்கப்படக்கூடிய தன்மை' பொருளில் சரி. ஆனால் அதை அறிக்கையின் ஒரு கட்டத்துக்குள் போட்டுப் பாருங்கள்.

ஓட்டை என்றே சொல்லலாம். கொச்சையாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு கேள்வி: 'சட்டத்தில் உள்ள ஓட்டை' என்று செய்தித்தாளில் வரும்போது யாராவது முகம் சுளிக்கிறார்களா? ஓட்டை இருக்கிறது என்றால் யாரோ அதன் வழியாக நுழைந்துவிட்டார்கள் என்று ஆகாது என்பதும், நுழைய முடியும் என்பதும் சேர்ந்தே புரிகிறது. எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்றால் 'பாதுகாப்பு ஓட்டை' என்று எழுதுங்கள்.

சொல் மாறினால் வேலை என்ன ஆகும் என்பதற்கு CVE-2023-45853 நல்ல சாட்சி. zlib என்பது தரவைச் சுருக்கும் நூலகம். அதன் மூல நிரலோடு மினிஜிப் என்ற துணை நிரலும் கூடவே வருகிறது. ஜிப் கோப்பு எழுதும்போது கோப்புப்பெயர் அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், மினிஜிப்பில் எண் பெருகி நினைவகம் வழியும். இதன் தீவிரத்துக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பெண் 10க்கு 9.8. 9.0உம் அதற்கு மேலும் எல்லாம் CRITICAL. டெபியன் 12 லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு பைத்தான் இமேஜை ட்ரிவி என்ற ஸ்கேனரிடம் கொடுத்தால், zlib-இன் டெபியன் பொதியான `zlib1g` வரிசையில் இது சிவப்பாக நிற்கும்.

ஏன் நிற்கிறது? ஸ்கேன் என்ற பெயரைக் கேட்டு, நிரலுக்குள் புகுந்து ஓட்டையைத் தேடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. (இதற்கு 'வருடல்' என்று பெயர் வைத்தவர் எதை வருடினாரோ!) ட்ரிவி இமேஜின் அடுக்குகளைப் பிரித்து, `/var/lib/dpkg/status` கோப்பிலுள்ள பொதிப் பட்டியலைப் படிக்கிறது. இந்தப் பொதி zlib என்ற மூலத்திலிருந்து வந்தது, பதிப்பு இது என்று அறிந்துகொண்டு, ஓட்டைகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. மூலத்தின் பெயரும் பதிப்பும் பொருந்தினால் போதும், வரிசையில் ஏற்றிவிடும். ஓட்டையுள்ள கோப்பு இமேஜுக்குள் வந்ததா என்று அது பார்ப்பதில்லை.

டெபியன் 12 தன் zlib பொதியைக் கட்டும்போது மினிஜிப்பைக் கட்டுவதே இல்லை. `dpkg -L zlib1g` என்று கேட்டால் `libz.so.1` வரும், மினிஜிப் வராது. ஆகவே மூலத்தில் ஓட்டை உண்டு, இமேஜுக்குப் பாதிப்பு இல்லை. இதனால்தான் டெபியனும் 12ஆம் பதிப்பின் zlib-இல் இதைத் திருத்தாமல் விட்டது. ட்ரிவியின் நிலைக் கட்டத்தில் `will_not_fix` என்று வரும். விஷயம் தெரியாதவர் இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் `apt-get upgrade` சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுவார். மேம்படுத்தப் புதுப் பொதி இல்லாததால் அதே சிவப்பு மறுபடி வரும்.

இப்படிப்பட்ட முடிவுகளை எழுதிவைக்க வெக்ஸ் என்ற ஆவண முறை இருக்கிறது. அதில் ஓர் ஓட்டைக்கு நான்கு நிலைகள்: `affected`, `not_affected`, `fixed`, `under_investigation`. நம் zlib-க்கு `not_affected`, காரணம் `vulnerable_code_not_present`. இதை நம் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்தால் என்ன வரும்? "இந்தப் பாதிப்பால் பாதிப்பு இல்லை." ஓட்டை என்று வைத்துக்கொண்டால் 'பாதிப்பு' என்ற சொல் தனக்குரிய இடத்துக்குத் திரும்பிவிடும்: இந்த ஓட்டையால் நமக்குப் பாதிப்பு இல்லை. வெளியீட்டைத் தடுப்பதா விடுவதா என்ற முடிவு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

எக்ஸ்பிளாய்ட் என்பதற்குச் 'சுரண்டல்' என்று எழுதுபவர்களையும் சேர்த்துத் திட்டிவிடுகிறேன். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தாக்குதலில் உண்மையாகவே பயன்படுத்தப்பட்ட ஓட்டைகள் அதில் ஏறும். அதில் இருப்பது நம் இமேஜிலும் இருந்தால், மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் தடுப்பதே நல்லது. இதைத் தமிழில் 'சுரண்டப்பட்ட பாதிப்புகள்' என்று எழுதியிருந்தார்கள். கூலித் தொழிலாளர் பிரச்சினை என்று நினைத்துவிட்டேன். 'தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகள்' என்று எழுதுவதில் என்ன சிரமம்?

சரி, இமேஜைக் கட்டி, சோதித்து, வெளியிடும் தானியங்கிப் பைப்லைனில் பலரும் வைக்கும் கட்டளை இது:

```
trivy image --severity HIGH,CRITICAL \
  --ignore-unfixed --exit-code 1 app:1.4
```

`--exit-code 1` இல்லாவிட்டால் எத்தனை ஓட்டை கண்டாலும் ட்ரிவி வெற்றி என்றே திரும்பும், பைப்லைனும் தொடரும். `--ignore-unfixed` திருத்தம் வராதவற்றை மறைக்கும். நம் zlib-உம் மறைந்துவிடும். ஆனால் பாதிப்பு இல்லை என்பதால் அல்ல, திருத்தம் இல்லை என்பதால். இன்று காலை வெளியாகி, திருத்தம் இன்னும் வராத உண்மையான ஆபத்தும் அதே காரணத்தால் மறைந்துவிடும். அதனால் நான் அந்தக் கொடியை எடுத்துவிட்டு, `.trivyignore` கோப்பில் காரணத்தோடு எழுதச் சொல்வேன்:

```
# ஓட்டை மினிஜிப்பில். டெபியன் 12 zlib1g-இல் அது கட்டப்படவில்லை; பாதிப்பு இல்லை.
CVE-2023-45853 exp:2026-12-31
```

அந்தத் தேதி கடந்ததும் சிவப்பு தானாகத் திரும்பும், பைப்லைன் நிற்கும். அதற்குள் யாராவது அடிப்படை இமேஜை மாற்றியிருக்கலாம், அல்லது மினிஜிப்பைத் தனிப் பொதியாக நிறுவியிருக்கலாம். அப்போது மேலே எழுதிய காரணம் செல்லாது. மறுபடி பார்த்துத்தான் தேதியை நீட்ட வேண்டும்.