முதல் தடவை மட்டும் ஏன் திக்குகிறது?

எமுலேட்டரில் கேம் சரியாக ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மொத்தமாகவே மெதுவாக ஓடுகிறதா, இல்லை நன்றாக ஓடும்போதே அவ்வப்போது திக்கி நிற்கிறதா? இவை வெவ்வேறு கோளாறுகள். ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேட்காது. நின்டெண்டோவின் கேம்க்யூப், வீ விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரை வைத்து இதைச் சொல்கிறேன்.

மெதுவாக ஓடுவதில் தொடங்குவோம். 2001இல் வந்த கேம்க்யூப், ஒரு காட்சியை அதிகபட்சம் 640 × 528 பிக்சலில்தான் வரைந்தது. டால்ஃபினில் Internal Resolution என்பதை 3 மடங்காக்கினால் அது 1920 × 1584 ஆகிறது. நீளமும் அகலமும் மும்மடங்கு என்றால் பிக்சல்கள் ஒன்பது மடங்கு, சுமார் 3.4 லட்சம் இருந்த இடத்தில் 30 லட்சம். இந்தக் கூடுதல் சுமை முழுக்க கிராஃபிக்ஸ் சிப்பின் தலையில்தான் விழுகிறது. கன்சோலின் மூளையாக நடிக்கும் சிபியுவின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே கேம் இழுக்கும் இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 1 மடங்குக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கூடினால் திணறியது கிராஃபிக்ஸ் சிப். கூடவில்லை என்றால் திணறுவது சிபியு; ரெசல்யூஷனைப் பழையபடி ஏற்றிவிடலாம். இதைச் சோதிக்காமல் மங்கலான படத்தோடு காலம் தள்ளுபவர்கள் நிறையப் பேர்.

திக்கல் வேறு கதை. கேம்க்யூபில் இன்றைய பொருளில் ஷேடர், அதாவது நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் குட்டி நிரல், கிடையாது. நிறங்களையும் ஒளியையும் கலக்க 16 படிகள் வரை கொண்ட ஒரு மின்சுற்று அதன் கிராஃபிக்ஸ் சிப்பிலேயே இருந்தது. கேம் சில எண்களை எழுதினால் போதும், அந்தச் சுற்று உடனே அதன்படி மாறிவிடும். இன்றைய கணினியில் அப்படி ஒரு சுற்று இல்லை. கேம் கேட்கும் ஒவ்வொரு கலவை அமைப்புக்கும் டால்ஃபின் ஒரு ஷேடர் எழுதியாக வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் அதை சிப்பின் மொழிக்கு மாற்றித் தர வேண்டும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. ஒரு ஷேடரைத் தயாரிக்கவே அதைவிடப் பல மடங்கு நேரம் போகலாம். அதுவரை விளையாட்டு அப்படியே நிற்கும்.

தயாரித்த ஷேடரை டால்ஃபின் வட்டில் சேமித்துக்கொள்கிறது. அதுதான் ஷேடர் கேஷ். அதனால்தான் ஒரு வெடிப்பு முதல் தடவை திக்குகிறது, மறுதடவை வழுக்கிக்கொண்டு போகிறது.

முதல் தடவையையும் காப்பாற்ற 2017இல் டால்ஃபின் குழு உபர்ஷேடர் என்ற அருமையான வழியைக் கொண்டுவந்தது. கேம்க்யூபின் அந்தச் சுற்று முழுவதையுமே ஒரே பெரிய ஷேடராக எழுதிவிட்டார்கள். எந்த அமைப்பு வந்தாலும் அது காத்திருக்காமல் வரையும். ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அத்தனை படிகளையும் பார்த்துப் போவதால் கனமானது. Hybrid Ubershaders என்பதைத் தேர்ந்தால், தனி ஷேடர் பின்னணியில் தயாராகும்வரை மட்டும் பெரியது வரையும், தயாரானதும் ஒதுங்கிக்கொள்ளும். சுமாரான சிப் உள்ள லேப்டாப்பில் இதற்கு இடம் விட ரெசல்யூஷனை ஒரு படி இறக்கத்தான் வேண்டும். Skip Drawing இதைவிட இலேசானது. ஆனால் ஷேடர் தயாராகும்வரை அந்தப் பொருளை வரையாமலே விட்டுவிடுவதால் சில நொடிகளில் பொருட்கள் காணாமல் போய்த் திரும்பி வரும்.

மூன்றாவதாகக் கைவைக்கக்கூடியது பேக்கெண்ட், அதாவது எமுலேட்டர் கிராஃபிக்ஸ் டிரைவரோடு பேசும் முறை. ஒரு பிரேமுக்குள் எமுலேட்டர் டிரைவரிடம் "இதை வரை, அதை வரை" என்று ஆயிரக்கணக்கில் உத்தரவு போடும். ஓபன்ஜிஎல் போன்ற பழைய முறைகளில் டிரைவர் பல விஷயங்களைத் தானே சரிபார்த்துக்கொண்டு போகும்; அந்த நேரம் சிபியுவின் கணக்கில் ஏறும். வல்கன், டைரக்ட்3டி 12 இரண்டும் அந்தப் பொறுப்பை எமுலேட்டரிடமே விட்டுவிடுவதால் டிரைவரின் வேலை குறைகிறது. ஆகவே மேலே சொன்ன சோதனையில் சிபியுதான் திணறுகிறது என்று தெரிந்தால் இங்கே கைவைக்கலாம். மிகப் பழைய சிப்பாக இருந்தால் டைரக்ட்3டி 11 நன்றாக ஓடக்கூடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஷேடர் கேஷ் பேக்கெண்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கிறது. நண்பர் ஒருவர் ஓபன்ஜிஎல்லிலிருந்து வல்கனுக்கு மாறினார். மாதக்கணக்கில் ஆடிய கார்ட் பந்தயம் முதல் வளைவிலேயே மூன்று முறை திக்கியது. "வல்கன் மோசம்" என்று அன்றே பழையதற்குத் திரும்பிவிட்டார். அவர் ஒப்பிட்டது நிரம்பிய கேஷையும் காலி கேஷையும். அதே பந்தயத்தை வல்கனில் இரண்டு முறை ஓட்டச் சொன்னேன். இரண்டாம் சுற்றில் அந்த வளைவில் திக்கலே இல்லை. முன்பு 85 சதவீதத்துக்கு இறங்கிய வேகம் 100இலேயே நின்றது. இரண்டு வாரம் கழித்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்ததும் மறுபடி திக்குகிறது என்று போன் செய்தார். டிரைவர் மாறினால் பழைய கேஷ் செல்லாமல் போய்விடலாம். அதே பந்தயத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள் என்றேன்.