"சமான மூல எதிர்ப்பு": யாருக்கு எதிர்ப்பு?

வேலூரில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு சுவரில் "மூலம், பவுத்திரம்" விளம்பரம் கண்ணில் படும். இந்த ஊரில் இருந்துகொண்டு ஆய்வகக் கையேட்டில் "அரைத் திசைதிருப்ப முறையில் சமான மூல எதிர்ப்பைக் கண்டறிதல்" என்று ஒருவர் தலைப்பு வைத்திருக்கிறார். உரக்கப் படித்த மாணவன் "எதிர்ப்பு" வரை போகவே இல்லை. "மூல" என்பதிலேயே வகுப்பு சிரித்துவிட்டது. சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. அதே தலைப்பை நம்பி அன்று மாலை பாதிப் பேர் தவறான விடை எழுதிக் கொடுத்தார்கள், அதுதான் வருத்தம். இந்த ஆண்டில் இந்தச் சொற்றொடரை நான் கேட்பது நான்காவது முறை. இனியும் பொறுப்பதாக இல்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி, வெளியே இரண்டு முனைகள். உள்ளே மின்கலங்களும் தடைகளும் எப்படி வேண்டுமானாலும் பின்னிக் கிடக்கலாம். வெளியில் இருப்பவனுக்கு அந்தப் பெட்டி, ஒரே ஒரு மின்கலமும் அதனோடு தொடராகக் கோத்த ஒரே ஒரு தடையும் போலத்தான் நடந்துகொள்ளும். இதை 1883இல் எழுதி வைத்த தெவெனின், பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர். அவருக்கு முப்பது ஆண்டு முன்பே, 1853இல், ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸும் இதைச் சொல்லியிருந்தார். அந்த ஒற்றைத் தடையைத்தான் நாம் அளக்கிறோம்.

அளக்கும் வழி எளிது. கையேடு "அரைத் திசைதிருப்ப முறை" என்று சொல்லும் அதை நான் அரைவிலகல் முறை என்பேன். முனைகளில் வோல்ட்மீட்டரை மட்டும் இணைத்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே முனைகளுக்குக் குறுக்கே மின்தடைப்பெட்டியை இணைத்து, முள் சரிபாதிக்கு இறங்கும்வரை அதன் தடையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பாதி மின்னழுத்தம் வெளியே நிற்கிறது என்றால் மறுபாதி பெட்டிக்குள் கழிந்திருக்கிறது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே மின்தடைப்பெட்டி காட்டும் தடையே உள்ளே இருக்கும் தடை.

இப்போது சொற்களுக்கு வருவோம். "சமான மூல எதிர்ப்பு" என்பது 'ஈக்விவலன்ட் சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ்' என்பதன் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் 'சோர்ஸ்' என்பது, மேலெழும்புதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நீரூற்றுக்கு வழங்கிய சொல். நமக்கு அதற்கு மூலம் எதற்கு? ஊற்று இருக்கிறதே. தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரார் கேலி பேசும் இந்தப் பாலாற்றில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. இறைக்காமல் விட்டால் நீர் ஒரு மட்டத்தில் நிற்கும். விடாமல் இறைத்தால் மட்டம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது மணல் எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. "மின்னூற்று" என்று பத்தாண்டுகளாகச் சொல்லிப் பார்க்கிறேன். வாங்குவார் இல்லை. போகட்டும், "மின்மூலம்" என்றாவது எழுதுங்கள். "மின்" ஒட்டிக்கொண்டால் மருத்துவமனை வாசனை போய்விடும்.

"எதிர்ப்பு" பற்றி அதிகம் பேச எனக்கு மனமில்லை. ஊர்வலம் போவதும் கொடி பிடிப்பதும் எதிர்ப்பு. கம்பிக்குள் இருப்பது தடை. பள்ளிப் பிள்ளைகளெல்லாம் மின்தடை என்று படித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு மேலே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து வைத்துக்கொள்கிறார்.

என் சண்டை "சமான" என்பதோடுதான். 'ஈக்விவலன்ட்' என்பதில் இரண்டு வேர்கள் உண்டு: ஒன்று சமம், மற்றொன்று மதிப்பு. முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தால் "சமான" வரும். எதற்குச் சமம் என்ற கேள்வியும் கூடவே வரும். மாணவர்கள் அதற்கு ஒரு பதிலைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள்: உள்ளே இருக்கும் தடைகளின் மொத்தத்துக்குச் சமம். அன்று பெட்டிக்குள் இருந்தவை 3.3 கிலோ ஓம் ஒன்று, 6.8 கிலோ ஓம் ஒன்று. இரண்டையும் கூட்டி 10.1 கிலோ ஓம் என்று எழுதி, சோதனையில் வந்த விடையைத் தவறு என்று அடித்துவிட்டார்கள்!

உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் இதற்கு "நிகர மின்தடை" என்று மாற்று சொன்னார். தமிழ்ப் பற்று மிக்கவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் "நிகர்" வேறு, "நிகர" வேறு. நிகர் என்றால் ஒப்பு. நிகர லாபம், நிகர எடை என்று வரும்போது கழிக்க வேண்டியதைக் கழித்து மிஞ்சியது என்று பொருள். ஒரு எழுத்தின் புள்ளி போனதும் சொல் கணக்குப்பிள்ளையின் மேசைக்குப் போய்விடுகிறது. எந்தத் தடையிலிருந்து எதைக் கழித்தோம்? நண்பரிடம் கேட்டேன். "பழக்கத்தில் சரியாகிவிடும் ஐயா" என்றார். தமிழில் பாதிக் கலைச்சொற்கள் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பாடநூலில் வரும் "தொகுபயன் மின்தடை" இவற்றைவிட நல்ல சொல். தடைகளை மட்டும் தொடராகவோ பக்கமாகவோ சேர்க்கும் இடத்தில் அதுவே பொருத்தம். ஆனால் இங்கே நாம் எதையும் தொகுக்கவில்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை. உள்ளே இருப்பதற்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யக்கூடிய ஒன்றை நிறுத்துகிறோம். அதற்குத் தமிழில் பழகிய சொல் "ஈடு". இழந்ததற்கு ஈடு கொடுக்கிறோம், விடுப்பு எடுத்த நாளுக்கு ஈடு செய்கிறோம். பொருள் அதுவாக இருக்க வேண்டியதில்லை. மதிப்பு நின்றால் போதும். ஆகவே "ஈடான மின்தடை". ஒட்டி எழுதினால் "ஈட்டுத்தடை" வரும். அது ஈட்டுதலோடு குழம்பும் என்பதால் நான் ஒட்டவில்லை. புணர்ச்சி இலக்கணத்துக்காகத் தெளிவைப் பலி கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை.

அன்றைய பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 10 வோல்ட் வழங்கியோடு அந்த இரண்டு தடைகளும் தொடராக உள்ளன; வெளிமுனைகள் 6.8 கிலோ ஓமின் இரு பக்கத்திலிருந்து வருகின்றன. வழங்கியின் சொந்தத் தடை மிகச் சிறிது. அதனால் வெளிமுனைகளிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு தடைகளும் பக்க இணைப்பில் தெரியும். ஈடான தடை 2.22 கிலோ ஓம். முனைகளில் நிற்க வேண்டிய மின்னழுத்தம் 6.73 வோல்ட். ஆனால் மாணவர்கள் பார்த்தது 5.5 வோல்ட். பாதிக்கு, அதாவது 2.75க்கு, இறங்கியபோது மின்தடைப்பெட்டியில் இருந்தது ஏறத்தாழ 1,820 ஓம்.

400 ஓம் எங்கே போயிற்று? இங்கேதான் இன்னொரு சொல் மாட்டிக்கொள்கிறது: "திறந்த சுற்று". முனைகளில் மின்னோட்டம் எடுக்கும் எதையும் இணைக்காத நிலைக்கு வழங்கும் பெயர் அது. ஆங்கிலத்தில் திறந்த சுற்று என்றால் அறுந்த சுற்று. தமிழனுக்குத் திறப்பது என்றால் ஓட விடுவது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மதகைத் திறந்தால் வாய்க்கால் ஓடுகிறது. சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அன்று சுற்று உண்மையிலேயே தமிழ்ப் பொருளில் திறந்துதான் இருந்தது! முள் உள்ள அந்தப் பழைய வோல்ட்மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு 1,000 ஓம் கணக்கு. 10 வோல்ட் வீச்சில் அதன் தடை 10 கிலோ ஓம். அதன் வழியே மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே அரைவிலகல் தந்தது பெட்டியின் தடையை அன்று. பெட்டியும் மீட்டரும் பக்க இணைப்பில் சேர்ந்த தடையை.

திருத்துவது கடினமில்லை. கிடைத்த தடையை மீட்டரின் தடையால் பெருக்கி, மீட்டரின் தடையிலிருந்து கிடைத்த தடையைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1,818ஐ 10,000ஆல் பெருக்கி 8,182ஆல் வகுத்தால் 2,222 வந்துவிடுகிறது. 10 மெகா ஓம் தடையுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் திருத்தமே தேவைப்படாது.

டிஜிட்டல் வந்துவிட்டதே, முள்ளே இல்லையே, பின் எதற்கு "அரைவிலகல்", "பாதி அளவு" போதாதா என்று அதே நண்பர் கேட்டார். போதாது. விலகல் என்பது முள் ஓய்ந்து நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிற்று என்பது. மீட்டரின் சுழி சரியாக இல்லாமல், ஒன்றும் இணைக்காதபோதே முள் 0.1இல் நிற்கிறது என்று வையுங்கள். 5.6இன் பாதி என்று 2.8க்கு இறக்குவான் பையன். உண்மையில் 5.5 இறங்கி 2.7 ஆகியிருக்கும், விடையில் 65 ஓம் குறையும். "பாதி அளவு" என்ற சொல் இந்தத் தவறைச் செய்யச் சொல்கிறது. "அரைவிலகல்" சுழியைப் பார்க்கச் சொல்கிறது. "திசைதிருப்பம்" எதையும் சொல்லவில்லை. முள் திசை மாறவில்லை, அதே பக்கத்தில் தன் வழியில் பாதிதான் போகிறது.

பாதி என்பது கணக்குக்கு எளிது என்பதற்காக மட்டும் எடுத்ததும் அன்று. மின்தடைப்பெட்டியை நூற்றில் ஒரு பங்கு மாற்றினால் முள் மிக அதிகமாக அசைவது அந்த இடத்தில்தான். ஈடான தடையைப்போலப் பத்து மடங்கு வைத்து அதே ஒரு பங்கை மாற்றினால், முள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் அசையும்.

இவ்வளவும் பெட்டி சொன்னபடி கேட்கும்வரைதான். போன வாரம் ஒரு மாணவி மேசை மேல் இருந்த பவர் சப்ளையையே இந்த முறையில் அளந்து, "மூன்று ஓம் வருகிறது சார்" என்று கொண்டுவந்தாள். 12 வோல்ட்டில் வைத்திருந்தாள். அது 2 ஆம்பியருக்கு மேல் விடாமல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வகை. 3 ஓமில் 6 வோல்ட் நின்றதற்குக் காரணம் அந்தக் கட்டுப்பாடே தவிர உள்தடை அன்று.

"தடையை இரண்டு மடங்காக்கிப் பாரம்மா" என்றேன். ஈடான தடை உண்மையில் 3 ஓமாக இருந்தால், 6 ஓமில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8 வோல்ட் நிற்க வேண்டும். அவள் மாற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தாள். பன்னிரண்டு காட்டியது. கையேட்டைத் திருப்பி, தலைப்பில் "எதிர்ப்பு" என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் "தடை இல்லை" என்று எழுதினாள். அவள் எழுதியது விடையையா, மொழிபெயர்ப்புத் திருத்தத்தையா என்று நான் கேட்கவில்லை.