ஸ்டோரை எண்ணுகிறோம், விறகை எண்ணுகிறோமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி, வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கிலோ தூள் தயாரிக்கிறார்கள். மார்ச் 31 அன்று இருப்பு எடுப்பதைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். ஸ்டோரில் 310 வகைப் பொருள். நான்கு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து நட்டு, போல்ட், வாஷர் என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஃபேக்டரிக்குப் பின்னால் ஷெட்டில் கிடந்த, தேயிலை உலர்த்த எரிக்கும் விறகுக்கு மட்டும் புத்தகத்தில் இருந்த எடையை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

எதை அதிகம் கவனிக்க வேண்டும் என்பதைப் பொறுத்து இருப்பை ஏ, பி, சி என்று பிரிக்கும் முறை அவர்களுக்குத் தெரியாதது அல்ல. பட்டியலே வைத்திருந்தார்கள். ஆனால் விலை அதிகமான பொருளை ஏ என்றும் மலிவானதை சி என்றும் போட்டிருந்தார்கள். இந்தத் தவறை நான் பல இடங்களில் பார்க்கிறேன். பார்க்க வேண்டியது ஒரு பொருளின் விலையை அல்ல. ஒரு வருடத்தில் அது எவ்வளவு செலவாகிறது என்பதை அதன் விலையால் பெருக்கினால் வரும் தொகையை. ஏ வகையில் முதலில் இருந்தது 85,000 ரூபாய் மோட்டார். மூன்று வருடமாக அதை யாரும் தொடவில்லை. அதைப் பூட்டி வைத்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒவ்வொன்றையும் பெருக்கி, பெரிய தொகையிலிருந்து கீழே இறங்கும்படி அடுக்கினோம். கிலோ 5 ரூபாய்க்கு வாங்கும் விறகு முதலிடத்துக்கு வந்துவிட்டது. வருடத்துக்கு 8 லட்சம் கிலோ, அதாவது 40 லட்சம் ரூபாய். அடுத்து, தூள் அடைக்கும் காகிதச் சாக்கு ஏழரை லட்சம். மூன்றாவது, இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. ரோலருக்கான செக்மென்ட், 6 லட்சம். ஸ்டோரின் மொத்த வருடச் செலவு 68 லட்சம். அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவு இந்த மூன்று பொருளிலேயே போகிறது. இவைதான் ஏ. பேரிங், கியர் ஆயில் போன்ற 40 பொருள் பத்தரை லட்சம், இவை பி. சி-க்கு மிச்சமிருந்த 267 வகைக்கும் சேர்த்தே 4 லட்சம்தான். அந்த இரண்டு நாளும் பெரும்பாலும் இவற்றில்தான் போயிருந்தன.

சரி, விறகை எப்படி எண்ணுவது? முழுவதையும் எடைபோட முடியாது. டிசம்பரில் ஷெட்டில் இரண்டு அடுக்கு இருந்தது. ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். ஆக 400 கன மீட்டர். அடுக்கின் நடுவில் ஒரு கன மீட்டர் அளவுக்கு விறகைப் பிரித்து எடைபோட்டோம், 410 கிலோ வந்தது. ஓரத்தில் எடுத்தால் இடைவெளி அதிகம், எடை குறைத்துக் காட்டும். அப்படிப் பார்த்தால் இருப்பு 1,64,000 கிலோ. புத்தகத்திலோ 1,90,000. வித்தியாசம் 26,000 கிலோ, 1,30,000 ரூபாய்.

முதலாளி உடனே திருட்டு என்றார். அவசரப்பட வேண்டாம் என்றேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்யும். அக்டோபர், நவம்பரில் 1,20,000 கிலோ கற்பூர மர விறகு ஈரமாக வந்திருந்தது. புதிதாக வந்த லோடில் ஒரு டன்னை மழை படாத இடத்தில் தனியாக அடுக்கி வாராவாரம் எடைபோடச் சொன்னேன். ஆறு வாரத்தில் 860 கிலோவாகிவிட்டது. அந்தக் கணக்கில் 16,800 கிலோ வெறும் தண்ணீர். அதற்கும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்புறம், டிரையருக்குப் போகும் விறகை யாரும் எடைபோடவில்லை. தினமும் 2,500 கிலோ என்றே எழுதி வந்தார்கள். ஒரு வாரம் எடைபோட்டதில் சராசரி 2,600-ஐ நெருங்கியது. மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் மிச்ச வித்தியாசமும் ஏறக்குறைய அதில் அடங்கிவிட்டது. இப்போது விறகை மாதம் ஒருமுறை அளக்கிறார்கள், மழைக்கால லோடுக்கு ஈரக் கழிவு பேசி விலை போடுகிறார்கள். சாக்கை வாரம் ஒருமுறை எண்ணுகிறார்கள், அதில் ஒன்று குறைந்தாலும் கேள்வி உண்டு. பி வகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும். நட்டு, போல்ட்டுக்கு இரண்டு டப்பா வைத்தாயிற்று. முதல் டப்பா காலியானால் ஆர்டர் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பிரிவு பணத்தை மட்டும்தான் பார்க்கும். ரோலரை ஓட்டும் ஒரு வி-பெல்ட் 700 ரூபாய். வருடத்துக்கு இரண்டு மாற்றினால் அதிகம், அதனால் சி-க்குப் போய்விட்டது. மே மாதம், இலை வரத்து உச்சத்தில் இருந்தபோது அந்த பெல்ட் அறுந்தது. ஸ்டோரில் மாற்று இல்லை. குன்னூருக்கு ஆள் போய் வாங்கி வருவதற்குள், வாட்டும் தொட்டியில் இருந்த இலை சூடேறிச் சிவந்துவிட்டது. அப்படி ஆலையை நிறுத்தக்கூடிய 11 பொருளைத் தனியாகக் குறித்து, அந்த அலமாரியில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். அவை எந்த வகையில் இருந்தாலும், திங்கட்கிழமை காலையில் ஸ்டோர்கீப்பர் முதலில் பார்ப்பது அந்த அலமாரியைத்தான்.