ஹெர்பீஸ் வந்திருந்தால் சிசேரியன்தானா?

36-வது வாரப் பரிசோதனை முடிந்து கணவர் வெளியே போனதும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், ஏழு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் கீழே ஹெர்பீஸ் வந்துச்சு. அப்பப்போ திரும்ப வரும். அப்போ சிசேரியன்தானா?"

"அதை இப்பவே முடிவு பண்ண மாட்டோம்மா. வலி வர்ற அன்னைக்குப் பாத்துதான் சொல்லுவோம்."

அவர் நம்பவில்லை. ஹெர்பீஸ் என்பது பிறப்புறுப்பில் கொப்புளமும் புண்ணும் உண்டாக்கும் வைரஸ் தொற்று. பழைய தொற்றுள்ள தாயின் உடலில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகியிருக்கும். நஞ்சுக்கொடி வழியாக அது குழந்தைக்கும் போய்ச் சேரும். ஆகவே பிரசவத்தின்போது புண் இல்லையென்றால் குழந்தைக்குத் தொற்றுவது மிக அரிது. நாங்கள் பயப்படுவது கடைசி மாதங்களில் முதல்முறையாகத் தொற்றிக்கொள்ளும் ஹெர்பீஸுக்கு. எதிர்ப்பொருள் உருவாகிக் குழந்தையை எட்ட அவகாசம் இருக்காது. அந்த நிலையில் சுகப்பிரசவமானால் பத்தில் மூன்று முதல் ஐந்து குழந்தைகளுக்குத் தொற்றலாம். அவர்களுக்குத்தான் சிசேரியனை முன்கூட்டியே பேசுகிறோம்.

இவருக்கு வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம், தினமும் மூன்று வேளை, பிரசவம் வரை. புண் திரும்ப வருவதை இது குறைக்கும், முழுக்கத் தடுக்காது. அடுத்த வாரமே ஒரு சின்னப் புண் வந்து ஐந்து நாளில் ஆறியது. "இப்பவாவது ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடுங்க" என்றார். ஆறிய புண்ணுக்காக வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

39-வது வாரத்தில் வலியோடு வந்தார். முதலில் கேட்டது, எரிச்சலோ, ஊறலோ, புண் வரும் முன் வழக்கமாக வரும் குத்தலோ உண்டா என்று. பிறகு நல்ல வெளிச்சத்தில் வெளிப்பகுதி முழுக்க, கருவி வைத்துப் பிறப்புவழியும் கருப்பை வாயும் பார்த்தோம். எதுவும் இல்லை. சுகப்பிரசவம். குழந்தையின் தலைத்தோலில் கீறல் விழக்கூடாது என்பதால் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் மின்முனையை அங்கே பொருத்துவதைத் தவிர்த்தோம்.

புண்ணோ, அந்த முன்னறிகுறியோ இருந்திருந்தால் சிசேரியனைத்தான் சொல்லியிருப்பேன். பழைய தொற்று திரும்பி வந்த புண் என்றால், ஆபத்தை விளக்கிவிட்டுச் சுகப்பிரசவத்துக்கும் இடம் தரும் மருத்துவர்கள் உண்டு. புண் தொடையிலோ பிட்டத்திலோ மட்டும் இருந்தால், அதை மூடிக் கட்டிவிட்டுச் சாதாரணமாகவே பிரசவம் பார்க்கலாம்.

இதில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வேறொரு பெண் "ஷேவ் பண்ணினதில் எரியுது" என்றார். அது வெட்டுக்காயம் போலத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சிறு கொப்புளம். அவருக்கு முடிவு மாறியது.

வீட்டுக்கு அனுப்பும்போது, தாயின் சம்மதத்தோடு, இந்த விவரத்தைக் குழந்தையின் கோப்பில் எழுதினேன். முதல் ஆறு வாரத்துக்குள் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, காய்ச்சலோ கொப்புளமோ வந்தாலோ, இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி தெரிய வேண்டும்.