“திருமதி ராதா, சென்னை” யார்?

விளம்பரம் எழுதுவது என் தொழில். போன வாரம் ஒரு கிரைண்டர் கம்பெனியின் துண்டுப் பிரசுரம் என் மேஜைக்கு வந்தது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: “இந்த கிரைண்டர் என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது! – திருமதி ராதா, சென்னை.” யார் இந்த ராதா என்று கம்பெனி முதலாளியிடம் கேட்டேன். “சும்மா ஒரு பேர்தாங்க, எல்லாரும் அப்படித்தானே போடறாங்க” என்றார். இந்த வருஷம் இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன் என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி, விளம்பரத்தில் ஒருவர் பொருளைப் பரிந்துரைத்தால் அது அவருடைய உண்மையான, ஓரளவு சமீபத்திய கருத்தாக இருக்க வேண்டும். பொருளைப் பற்றி அவருக்குப் போதுமான தகவலோ அனுபவமோ இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் என் கோபம் அபராதத்தைப் பற்றியது இல்லை. அந்தத் தலைப்பை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான்.

ஏன் நம்ப மாட்டார்கள்? தமிழில் யாரும் “மாற்றிவிட்டது” என்று பேசுவதில்லை. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். மேற்கோள் குறிக்குள் எழுத்துத் தமிழைப் போட்ட உடனேயே, இது ஆபீசில் உட்கார்ந்து எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதைச் சொன்னால் “கொச்சையா இருந்தா கம்பெனிக்கு மரியாதை இல்லீங்களே” என்பார்கள். அய்யா, மரியாதையான தமிழை உங்கள் பெயரில் எழுதுங்கள், வாடிக்கையாளர் வாயில் திணிக்காதீர்கள். அதற்காக எதிர்ப்பக்கம் போய், ஊர் கோவை என்பதற்காக அவர் சொல்லாத “ஏனுங்க”வை நாமே ஒட்டுவதும் அதே பித்தலாட்டம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ராதாவைத் தூக்கிவிட்டு, போன தீபாவளிக்கு வாங்கியவர்களின் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நானே போன் போட்டேன். “கிரைண்டர் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்கவே கூடாது. “நல்லா இருக்குங்க” என்று வரும், அதோடு பேச்சு செத்துவிடும். பழைய கிரைண்டரில் என்ன தொல்லை, வாங்கும்போது எதற்குத் தயங்கினீர்கள், இப்போதும் எது பிடிக்கவில்லை என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் வராது.

ஈரோட்டில் ஒரு பெண் சொன்னதை, அவருடைய அனுமதியோடு பதிவு செய்தேன்: “முன்ன இருந்தது ஓடுனா பக்கத்து ரூம்ல பாப்பா எந்திரிச்சுரும். இப்ப காலைல அஞ்சு மணிக்குப் போட்டாலும் பாப்பா தூங்குது. கல்லைத் தூக்கிக் கழுவறதுதான் இன்னும் கஷ்டமா இருக்குங்க.”

நடு வரிதான் தலைப்பு. முதலாளிக்கு அது போதவில்லை. கம்பெனிப் பெயரை உள்ளே நுழைக்கச் சொன்னார், “சத்தமே இல்லை” என்று சேர்க்கச் சொன்னார். அந்தம்மா சத்தமே இல்லை என்று சொல்லவில்லை, பாப்பா தூங்குகிறது என்றுதான் சொன்னார். “சத்தமே இல்லை” என்றால் அது கம்பெனி அளந்து நிரூபிக்க வேண்டிய விஷயமாகிவிடும். வாடிக்கையாளர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் பொறுப்பு நம் தலையை விட்டுப் போய்விடாது. என் கணக்கு எளிது: வெட்டலாம், சேர்க்கக் கூடாது. வெட்டும்போதும் அர்த்தம் திரும்பக் கூடாது. இரண்டு பேர் சொன்னதை ஒட்டி ஒருவர் சொன்னதாக ஆக்கவே கூடாது.

கல் கனம் என்ற குறையையும் நான் வெட்டவில்லை, தலைப்புக்குக் கீழே முழுப் பேச்சையும் அப்படியே வைத்தேன். முதலாளி முகம் சுண்டிப்போனது. கல் கனமாகத்தான் இருக்கும் என்பது கிரைண்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், அதையும் சொல்கிறவர் பாப்பா விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார் என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்?

பெயர் போட அந்தம்மாவுக்கு விருப்பமில்லை. அதனால் என்ன? “ஈரோடு, 2 லிட்டர் டில்டிங், தீபாவளியிலிருந்து பயன்படுத்துகிறார்” என்று போட்டோம். தயவுசெய்து அந்த இடத்தில் இணையத்தில் காசுக்கு வாங்கிய சிரிக்கும் முகத்தைப் போடாதீர்கள், அதே முகம் அடுத்த தெரு நகைக்கடன் பலகையிலும் சிரித்துக்கொண்டிருக்கும். பேசியதற்காகப் பரிசு, தள்ளுபடி எதாவது கொடுத்திருந்தால் அதையும் பக்கத்திலேயே படிக்கிற அளவு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் தலைப்பை அவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். இதை எப்போதும் செய்யுங்கள், இரண்டு நிமிஷ வேலை. கேட்டுவிட்டு, “அஞ்சு மணி இல்லீங்க, யோசிச்சுப் பார்த்தா அஞ்சரைக்குத்தான் போடுவேன்” என்றார். மாற்றினோம்: “காலைல அஞ்சரைக்குப் போட்டாலும் பாப்பா தூங்குது.”