‘எடுத்துட்டு வா’ என்பதை எழுதும்போது: ‘விட்டு’, ‘கொண்டு’ குழப்பம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு மாலைகள் எஸ்.பி.எம். தமிழ்மொழி வகுப்பு எடுக்கிறேன். வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், கூச்சமில்லாமல் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் அவர்களுடைய கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரே பிழை பல தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அது எழுத்துப் பிழையும் அல்ல, வேற்றுமைப் பிழையும் அல்ல. வினையெச்சத்திற்குப் பிறகு வரவேண்டிய துணைவினை மாறிப்போவதுதான் அந்தப் பிழை: ‘கொண்டு’ வரவேண்டிய இடத்தில் ‘விட்டு’ வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் மாணவர்களின் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. எழுத்தில் ‘சாப்பிட்டுவிட்டு வா’ என்பதை நாம் பேச்சில் ‘சாப்ட்டுட்டு வா’ என்கிறோம். அங்கே ‘விட்டு’ தேய்ந்து ‘ட்டு’ ஆகிறது. எழுத்தில் ‘குடையை எடுத்துக்கொண்டு வா’ என்பது முதலில் ‘எடுத்துக்கிட்டு வா’ என்றாகி, விரைந்து பேசும்போது அதுவும் ‘எடுத்துட்டு வா’ என்றே முடிகிறது. ஆகப் பேச்சில் இரண்டு வேறு துணைவினைகள் ஒரே ஒலியில் வந்து சேர்ந்துவிட்டன. எழுத உட்காரும் பிள்ளை அந்த ‘ட்டு’வை எழுத்துத் தமிழுக்கு மீட்க வேண்டும். ‘ட்டு’ என்றால் ‘விட்டு’ என்று ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், எல்லா இடத்திலும் அதையே போடத் தொடங்குகிறது.

ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் எழுதிய பத்தி இது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே தருகிறேன்.

‘அப்பா விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போய்விட்டார். அம்மா தூங்கிவிட்டிருந்த தம்பியை எழுப்பிவிட்டு, என்னையும் கூட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தார். வழியில் மழை பெய்துவிட்டு இருந்தது. குடையை எடுத்துவிட்டு வராததால் நாங்கள் நனைந்துவிட்டோம்.’

இதில் ‘விடு’ ஏழு இடங்களில் வருகிறது. அவற்றுள் ‘போய்விட்டார்’, ‘எழுப்பிவிட்டு’, ‘நனைந்துவிட்டோம்’ ஆகிய மூன்றும் சரி. மற்ற நான்கும் தவறு. ஆனால் நான்கும் ஒரே வகையான தவறு அல்ல என்பதைத்தான் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கவனிக்க வேண்டும்.

‘என்னையும் கூட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தார்’ என்ற தொடரின் அமைப்பில் குறை எதுவும் இல்லை. ‘கூட்டி’ என்ற வினையெச்சத்தோடு ‘விட்டு’ தாராளமாகச் சேரும். ‘வாசலைக் கூட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தார்’ என்பது நல்ல தமிழ். ‘விட்டு’ முதல் வேலையை முடித்து வைத்து அடுத்த வேலைக்கு வழி விடுகிறது. அம்மா பெருக்கி முடித்தார், பிறகு வந்தார். ஆனால் மகனை அழைத்து வருவது அப்படி முடிந்துபோகிற வேலை அல்ல. வழி நெடுக அவன் உடன் வருகிறான், அந்த உடனிருப்பைச் சொல்வது ‘கொண்டு’தான். ஆகவே ‘கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்’ என்று இருக்க வேண்டும். குடை பற்றிய வாக்கியமும் இத்தகையதே. ‘எடுத்துவிட்டு வா’ என்பதைத் தனியாகப் படித்தால் பிழை எனத் தோன்றாது. கொடியில் காயும் துணிகளை எடுத்து முடித்த பிறகு வரச் சொல்வதாகப் பொருள்படும். குடை கையோடு வரவேண்டுமானால் ‘எடுத்துக்கொண்டு’ என்றே எழுத வேண்டும். இவ்வகைத் தவறுகள் இலக்கண அமைப்பில் சரியாகவே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகின்றன.

தம்பி தூங்கியதும் மழை பெய்ததும் வேறு கதை. நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கத் தமிழ் ‘கொண்டு’, ‘இரு’ ஆகிய இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது: தூங்கிக்கொண்டிருந்த, பெய்துகொண்டிருந்தது. அந்த ‘கொண்டு’ இருந்த இடத்தில் ‘விட்டு’ வந்தால் பொருள் நேர் எதிராகத் திரும்பிவிடும். ‘மேலாளர் பேசிக்கொண்டிருந்தார்’ என்றால் பேச்சு இன்னும் ஓயவில்லை. ‘மேலாளர் பேசிவிட்டிருந்தார்’ என்றால் நாம் போவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ‘தூங்கிவிட்டிருந்த தம்பி’ என்பதும் பிழையான சேர்க்கை அல்ல. ஏற்கெனவே தூங்கிப்போயிருந்த தம்பி என்று அது பொருள்படும். ஆனால் மாணவன் வாயால் சொன்னது ‘தூங்கிட்டிருந்த தம்பி’. அவன் நினைத்தது நடந்துகொண்டிருந்த தூக்கம். ‘மழை பெய்துவிட்டு இருந்தது’ என்பதையோ அவன் நினைத்த பொருளில் எவ்வகையிலும் ஏற்க முடியாது. மழை பெய்துமுடித்து, பிறகு எங்கோ ‘இருந்தது’ என்று அந்த வாக்கியம் பிளந்துபோகிறது.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? விதியைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பதைவிட அவர்கள் பேச்சையே உரைகல்லாக்குவது நல்லது என்பது என் அனுபவம். ‘ட்டு’ வரும் இடத்தில், பொருள் மாறாமல் ‘கிட்டு’ என்று நிறுத்திச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘மழை பேஞ்சிக்கிட்டு இருந்துச்சு’ என்பது இயல்பாக வருகிறது. எனவே எழுத்தில் ‘கொண்டு’. ‘சாப்ட்டுக்கிட்டு வா’ என்றால் மென்றபடியே நடந்து வா என்று பொருள் மாறிவிடுகிறது. எனவே சாப்பிட்டு முடித்து வரச் சொல்லும்போது ‘விட்டு’. வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் எளிது. எங்கள் பக்கத்தில் முதியவர்கள் பலர் ‘கிட்டு’வைத் தேய்க்காமல் முழுமையாகவே சொல்கிறார்கள்.

இன்னொரு சோதனை, எச்சத்தை முற்றாக்கி எதிர்காலத்தில் சொல்லிப் பார்ப்பது. எச்ச வடிவில் ஒன்றாகிப்போன இவை இரண்டும் முற்று வடிவில் பேச்சிலும் தெளிவாகப் பிரிந்தே நிற்கின்றன: ‘எடுத்துடுவான்’ என்றால் விடு, ‘எடுத்துக்குவான்’ என்றால் கொள்.

அந்த மாணவனிடம் இவ்வளவும் சொல்லித் திருத்தி எழுதச் சொன்னேன். மறுநாள் வந்த தாளில் ‘அப்பா பெரட்டுக்குப் போய்க்கொண்டார்’ என்றும், ‘தம்பியை எழுப்பிக்கொண்டு’ என்றும் இருந்தது. “டீச்சர், விட்டு எல்லாத்தையும் மாத்திட்டேன்” என்றான். அளவுக்கு மீறித் திருத்துவதும் இதே நோயின் மறுபக்கம். ‘போய்க்கொண்டார்’ என்பது வடிவில் கெட்டது அல்ல. ‘நீங்கள் சிரமப்பட வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன்’ என்று சொல்வோம். அங்கே கொள், பிறர் துணையின்றித் தன் பொறுப்பில் செய்வதைக் காட்டுகிறது. அப்பா காலையில் வேலைக்குப் போனதைச் சொல்லும் இடத்தில் அந்தப் பொருளுக்கு வேலையே இல்லை. ஆகையால் ஒரு சேர்க்கையை ‘இலக்கணப்படி வராது’ என்று சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், அது வேறு எந்தச் சூழலிலாவது பொருந்துமா என்று ஒருகணம் யோசிக்குமாறு உடன்பணியாற்றும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொருந்துமானால், பிழை சேர்க்கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. மாணவனுக்குச் சொல்லவேண்டிய விளக்கமும் அதற்கேற்ப மாறும்.

உண்மையிலேயே எந்தச் சூழலிலும் பொருந்தாத சேர்க்கையும் உண்டு. கொள், விடு இரண்டும் துணைவினையாக ஒருசேர வரும்போது கொள் முதலில் வினையை ஒட்டி நிற்கும், விடு அதற்கு வெளியே நிற்கும். ‘என் பங்கை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்’ என்பது சரி. ‘எடுத்துவிட்டுக்கொண்டேன்’ என்று எவரும் சொல்வதில்லை. யார் பொருட்டு, யார் பொறுப்பில் என்பதைச் சொல்லும் கொள் வினையின் உள்ளே இடம்பெறுகிறது, முழுச் செயலையும் முடித்து வைக்கும் விடு கடைசியில் வந்து மூடுகிறது. செயப்பாட்டு வினையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘மனு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது’ என்ற ஒரே சொல்லில் கொள் படுவுக்கு முன்னும், விடு படுவுக்குப் பின்னும் நிற்பதைப் பாருங்கள். விடு முதல்வினையாக இருந்தால் மட்டும் அதன் பின் கொள் வரலாம்: ‘கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.’ அதேபோல ‘அப்பா என்னைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போனார்’ என்பதில் முதல் ‘விட்டு’ முதல்வினை, இரண்டாவது துணைவினை. ஒரே சொல் இருமுறை வந்ததாகக் கருதி ஒன்றை அடித்துவிடும் ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். அங்கே மாணவனுக்குப் போகிற மதிப்பெண் அநியாயமாகப் போகிறது.

துணைவினையை மாற்றும்போது ஒற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ‘விட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகையால் அதன் பின் வல்லினம் மிகும்: கூட்டிவிட்டுப் போனார். ‘கொண்டு’ மென்தொடர், அதன் பின் மிகாது: கூட்டிக்கொண்டு போனார். ‘கூட்டிக்கொண்டுப் போனார்’ என்று எங்காவது கண்டால், முதலில் ‘விட்டு’ என்று எழுதியவர் துணைவினையை மட்டும் மாற்றி, ப் என்ற ஒற்றை நீக்க மறந்தாரோ என்று சந்தேகிக்கலாம். நான் திருத்தும் தாள்களில் இந்த அரைத் திருத்தம் அடிக்கடி கிடைக்கிறது. கொள்ளுக்கு முன்னாலும் இதே கணக்குத்தான். படித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டு என்று வன்தொடருக்குப் பின் க் வரும்; தூங்கிக்கொண்டு என்று இகரத்தில் முடியும் எச்சத்திற்குப் பின்னும் வரும். வந்துகொண்டு, செய்துகொண்டு, அழுதுகொண்டு ஆகியவற்றில் வராது. வன்தொடர் அல்லாத குற்றியலுகரத்தின் முன் அல்வழியில் வல்லினம் மிகாது என்பது நன்னூல் சொல்லும் விதி. ஆயினும் ‘வந்துக்கொண்டிருந்தார்’ என்பது விளம்பரத் துணிகளிலும் அழைப்பிதழ்களிலும் இடம்பிடித்துவிட்டதால், பிள்ளைகள் அதையே சரி என்று நம்புகிறார்கள்.

சில வாக்கியங்களில் எந்தச் சோதனையும் தீர்ப்புச் சொல்லாது. ‘அண்ணன் போன்ல பேசிட்டு சாப்ட்டான்’ என்பது பேசி முடித்த பின் சாப்பிட்டான் என்றும் ஆகும், பேசியபடியே சாப்பிட்டான் என்றும் ஆகும். கிட்டு என்று சொன்னாலும் பொருந்துகிறது, பிறகு என்று சொன்னாலும் பொருந்துகிறது. இத்தகைய இடத்தில் நான் திருத்துவதில்லை. தாளின் ஓரத்தில் கேள்விக்குறி இட்டு, எது நடந்தது என்று மாணவனையே கேட்கிறேன். முன்னதானால் ‘பேசிவிட்டுச் சாப்பிட்டான்’. பின்னதானால் ‘பேசிக்கொண்டே சாப்பிட்டான்’. இங்கே ஏகாரம் சேர்த்துவிட்டால் மறுபொருளுக்கு இடமே இருக்காது.

அந்த மாணவனின் பத்தி மூன்றாம் முறை இப்படி வந்தது: ‘அப்பா விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போய்விட்டார். அம்மா தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். வழியில் மழை பெய்துகொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு வராததால் நாங்கள் நனைந்துவிட்டோம்.’ ‘கொண்டு பள்ளிக்கு’ என்ற இடத்தில் ப் ஒற்றை எழுதி, பிறகு அவனே அடித்திருந்தான்.