ஸ்டெதஸ்கோப் – மார்பொலிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இதைக் ‘குழாய்’ என்றுதான் சொல்வார்கள். “டாக்டர் குழாய் வெச்சுப் பாத்தாரா?” என்று கேட்பார்கள். மலாயிலும் ஸ்டெத்தோஸ்கோப்தான். சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது: ‘ஸ்டெதோஸ்’ என்றால் மார்பு, ‘ஸ்கோபீன்’ என்றால் ஆராய்ந்து பார்ப்பது. 1816இல் பாரிசில் ரெனே லெனெக் என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரடியாகக் காது வைப்பதைவிட ஒலி தெளிவாக இருந்தது. பிறகு மரத்தில் குழல் செய்துகொண்டார். இரண்டு காதுக்குமான குழாய் 1850களில் வந்தது.

தமிழில் ‘இதயத்துடிப்புமானி’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல் பொருந்தவில்லை. மானி என்றால் அளக்கும் கருவி. இது எதையும் அளப்பதில்லை. சளிக்காய்ச்சலுக்குப் போகும்போது டாக்டர் முக்கியமாகக் கேட்பதும் இதயத்தை அல்ல, நுரையீரலை. மார்பின் ஒலியைக் காட்டுவதால் ‘மார்பொலிகாட்டி’ என்பதே சரியாக இருக்கும்.

அந்த ஒலியில் டாக்டர் என்ன தேடுகிறார்? நான்கு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சளி பிடித்து ஐந்து நாள். இரண்டாம் நாளே விட்ட காய்ச்சல் மறுபடி வந்திருக்கிறது. குழந்தை அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போதே டாக்டர் சட்டையைத் தூக்கி, மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார்: 46. ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு, இரண்டு மாதம் கடந்திருந்தால், அந்த எல்லை 50. காய்ச்சலும் அழுகையும் மூச்சை வேகப்படுத்தும் என்பதால், காய்ச்சல் இறங்கியபின் இன்னொரு முறை எண்ணுவார்கள்.

அடுத்துதான் குழாய். துணிமேல் வைத்தால் உரசும் சத்தமே நோய் ஒலிபோலக் கேட்கும். அதனால் வெறும் தோலில் வைக்க வேண்டும். பெரியவர்களிடம் வாயைத் திறந்து ஆழமாக மூச்சு விடச் சொல்வது, மூக்கடைப்பின் சத்தம் குறுக்கிடாமல் இருக்க. முதுகில் அதிக நேரம் கேட்பதற்குக் காரணம், நுரையீரலின் கீழ்மடல் பெரும்பாலும் பின்பக்கம் இருப்பதுதான். இடது, வலது என்று மாற்றி மாற்றி ஒரே உயரத்தில் கேட்பார்கள்; ஒரு பக்கம் மட்டும் வேறுபட்டால் அது பளிச்சென்று தெரியும்.

இந்தக் குழந்தைக்கு வலது முதுகின் கீழே, மூச்சை இழுக்கும்போது மட்டும், காதோரம் முடியை விரல்களில் தேய்த்தால் வருவதுபோன்ற மெல்லிய நெறுநெறுப்பு. நீர் கட்டி ஒட்டிக்கொண்ட சிறு காற்றுப்பாதைகள் காற்று நுழையும்போது வெடுக்கென்று திறக்கும் ஒலி அது. இருமச் சொல்லி மறுபடி கேட்டும் மறையவில்லை. ஒரே பக்கம், இருமியும் போகாத நெறுநெறுப்பு, வேகமான மூச்சு, திரும்பி வந்த காய்ச்சல் எல்லாம் சேர்ந்தால் நிமோனியா, அதாவது நுரையீரல் அழற்சி என்று கருதி ஆண்டிபயாட்டிக் தருகிறார்.

இருபக்கமும் கரகரவென்று கேட்டு, இருமியதும் மாறினால் பெரும்பாலும் அது மூக்கு, தொண்டைச் சளியின் சத்தம் மார்புக்கு இறங்கி வருவது. மூச்சை விடும்போது விசில்போல வந்தால் காற்றுப்பாதை சுருங்கியிருக்கிறது. அதற்கு இன்ஹேலர் உதவலாம். நிமோனியாவின் தொடக்கத்தில் மார்பு சுத்தமாகவே கேட்கலாம். அதனால்தான் குழாயை மட்டும் நம்பாமல் மூச்சை எண்ணுகிறார்கள், விரலில் ஆக்சிஜன் கிளிப்பும் மாட்டுகிறார்கள்.

காதும் தொண்டையும் குழந்தைக்குக் கடைசியில்தான். குச்சி வைத்து நாக்கை அழுத்தினால் அழும். அழுத பிறகு மார்பில் ஒன்றும் கேட்காது, செவிப்பறையும் சிவந்துவிடும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் சளியைத் தொடர்ந்து காதில் சீழ் கட்டலாம். செவிப்பறை வெளியே புடைத்திருந்தால்தான் அது உறுதி. வெறும் சிவப்பு போதாது. தொண்டையில் டான்சில் வீங்கி வெள்ளைப் படலம் இருந்து, இருமலே இல்லாமல், கழுத்தின் முன்பக்க நெறி வலித்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ். அதற்கு ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதில் பயனில்லை.

மார்பு சுத்தம் என்று சொல்லி அனுப்பினாலும், அன்று இரவு குழந்தை மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும்.